ஏழு எழுத்துகளின் வரிசை

விண்மீன்களை வானியலாளர் ஏழு பெருவகைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். ஒவ்வொரு வகைக்கும் ஆங்கில நெடுங்கணக்கின் ஓர் எழுத்தே பெயர். மிகுந்த வெப்பமுள்ள நீல விண்மீன்களில் தொடங்கிக் குளிர்ந்த சிவப்பு விண்மீன்கள் வரை இறங்குவரிசையில் எழுதினால் அது இப்படி அமையும்: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். நமக்குப் பழக்கமான வானத்திலேயே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. ஓரியன் மண்டலத்தின் இடைக்கச்சையாக விளங்கும் மூன்று விண்மீன்களில் இரண்டு ஓ வகையின் கீழ் விளிம்பைச் சேர்ந்தவை. சித்திரை பி வகை. திருவோணம் ஏ. துருவ விண்மீன் எஃப். நம் கதிரவன் ஜி. ரோகிணி கே. திருவாதிரை எம்.

ஆங்கிலம் அறிந்த எவருக்கும் இந்த வரிசையைப் பார்த்தவுடன் ஓர் ஐயம் எழும். எழுத்துகளை எண்களைப் போல வரிசை காட்டுவதற்குத்தானே பயன்படுத்துகிறோம்? ஏ-க்கு முன்னால் பி எப்படி வந்தது? அதற்கும் முன்னால், எங்கோ பின்வரிசையில் இருக்கவேண்டிய ஓ எப்படி வந்து அமர்ந்தது? சி, டி, ஈ எல்லாம் எங்கே போயின? ஒழுங்கற்ற இந்த வரிசையை நினைவில் நிறுத்தவென்று அமெரிக்க மாணவர்கள் ஒரு வாக்கியத்தைக் கட்டி வைத்திருந்தனர். அழகிய பெண்ணொருத்தியிடம் முத்தம் கேட்கும் வாக்கியம் அது. வரிசையை உருவாக்கியவர்கள் பெண்கள் என்பதை அறிந்தபின் அந்த வாக்கியம் நமக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஓர் அறிவியல் தன் தொடக்ககாலத் தவறுகளைத் துடைத்தெறியாமல் பெயர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பதற்கு இந்த ஏழெழுத்து வரிசையைப்போல் தெளிவான சான்று வேறொன்று நமக்குத் தென்படவில்லை. அந்த வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகிறோம்.

*

விண்மீனின் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது ஊதாவிலிருந்து சிவப்பு வரை விரியும். அந்த நிறமாலையின் குறுக்கே ஆங்காங்கே மெல்லிய கருங்கோடுகள் தென்படும். கதிரவனின் நிறமாலையில் இத்தகைய கோடுகளை ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் ஃபிரான்ஹோஃபர் 1814-இல் நூற்றுக்கணக்கில் கண்டு வரைந்தார். 1859-இல் கிர்க்காஃபும் புன்சனும் அவற்றின் பொருளை விளக்கினர். விண்மீனின் மேற்பரப்பிலுள்ள வாயுக்கள் தத்தமக்குரிய நிறங்களை மட்டும் விழுங்கிவிடுகின்றன. விழுங்கப்பட்ட இடமே கருங்கோடு. ஆகவே ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் கையொப்பம். இரும்பின் கோடுகள் இருந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று பொருள். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் இதன் மறுதலையில் இருந்தது. கோடு இல்லையென்றால் தனிமமும் இல்லை என்று கொள்ளலாமா? கோடு அழுத்தமாக இருந்தால் தனிமம் மிகுதி என்று கொள்ளலாமா? அரைநூற்றாண்டுக்கு மேல் பலரும் அப்படித்தான் கொண்டார்கள்.

1872-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவரும் வானியல் ஆர்வலருமான ஹென்றி டிரேப்பர், மேலைநாட்டார் வேகா என்றழைக்கும் அபிஜித் விண்மீனின் நிறமாலையைக் கோடுகள் தெரியும்படி ஒளிப்படமாகப் பிடித்தார். 1882-இல் அவர் காலமானார். தொடங்கிய பணி முடிவடையவேண்டும் என்று விரும்பிய அவர் மனைவி அன்னா பாமர் டிரேப்பர், 1886-இல் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு நிதி வழங்க முன்வந்தார். அதன் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் அந்த நிதியைக் கொண்டு ஒரு பெருந்திட்டத்தை வகுத்தார்.

பிக்கரிங்கின் உத்தி எளிமையானது. அதுவரை தொலைநோக்கியின் கண்முனையில் பட்டகத்தை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு விண்மீனையே ஆராய்ந்து வந்தனர். அவர் பட்டகத்தைத் தொலைநோக்கியின் முன்முகப்பில், பெரிய வில்லைக்கும் முன்னால் பொருத்தினார். இப்போது தொலைநோக்கி நோக்கும் வானப்பரப்பிலுள்ள ஒவ்வொரு விண்மீனும் புள்ளியாக விழாமல் ஒரு சிறு பட்டையாகக் கண்ணாடித் தட்டில் விழும். ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான நிறமாலைகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. பல, நெல்மணி நீளமே இருக்கும். தென்வானத்துக்காகப் பெரு நாட்டின் அரெக்கிப்பா நகரில் ஒரு கிளை நிலையம் அமைந்தது. தட்டுகள் அங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்தன.

அவற்றைப் படிப்பவர் யார்? பிக்கரிங் பெண்களை அமர்த்தினார். கூலி மணிக்கு 25 சென்ட் அளவில் இருந்தது. அதே தொகைக்கு ஆண்கள் கிடைக்கமாட்டார்கள். அவருடைய நோக்கத்தில் தாராளமும் சிக்கனமும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அப்பெண்களுள் முதலாமவர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் 1857-இல் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்தபின், வயிற்றில் பிள்ளையோடு இருந்த நிலையில் கணவன் கைவிட்டுச் செல்ல, பிக்கரிங்கின் இல்லத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவர். அங்கிருந்து ஆய்வகத்துக்கு வந்து, நிறமாலைகளைப் பிரிக்கும் பொறுப்பை ஏற்றார். 1890-இல் 10,351 விண்மீன்களின் நிறமாலைப் பட்டியல் வெளியானது. வகைப்பாட்டின் பெரும்பகுதி ஃபிளெமிங்கின் உழைப்பு. பிற்காலத்தில் 1900-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், தனக்கு ஆண்டுக்கு 1,500 டாலர். சில ஆண் உதவியாளர்களுக்கோ 2,500 என்று அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

ஃபிளெமிங் கையாண்ட முறை கண்ணால் காண்பதை மட்டுமே நம்பிய முறை. பெரும்பாலான நிறமாலைகளில் பளிச்சென்று தெரிவன ஹைட்ரஜனின் கோடுகள். அவை மிக அழுத்தமாக இருந்தால் ஏ. சற்றே மெலிந்து, வேறு சில அடையாளம் தெரியாத கோடுகளும் சேர்ந்திருந்தால் பி. இப்படியே எழுத்துகளை வழங்கிக்கொண்டே சென்றார். ஒளிரும் கோடுகள் கொண்ட விசித்திர விண்மீன்களுக்கு ஓ. வாயு முகில்களுக்கு பி-யின் ஒலியை ஒத்த பதினாறாம் எழுத்து. எதிலும் அடங்காதவற்றுக்கு க்யூ. ஆக, எழுத்துகள் அப்போது ஒழுங்கான வரிசையில்தான் இருந்தன. ஆனால் அந்த வரிசை விண்மீனைப் பற்றியதன்று; ஒரு கோட்டின் கருமையைப் பற்றியது. இங்கேதான் பிற்காலக் குழப்பத்தின் வித்து விழுந்தது. இதற்காக ஃபிளெமிங்கைக் குறைகூற முடியாது. காரணம் தெரியாதபோது தோற்றத்தைக் கொண்டு அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் அதை நேர்மையாகச் செய்தார்.

*

அடுத்து வந்த இருவர் இருவேறு மனப்போக்குடையவர்கள். அந்தோணியா மௌரி, ஹென்றி டிரேப்பரின் உடன்பிறந்தாள் மகள். வாசார் கல்லூரியில் பயின்றவர். பொலிவு மிகுந்த வடவான விண்மீன்களை அவரிடம் ஒப்படைத்தனர். அவற்றின் நிறமாலைகள் நீளமானவை, நுணுக்கங்கள் நிறைந்தவை. பிக்கரிங் விரைவை எதிர்பார்த்தார். மௌரி நுணுக்கத்தில் ஆழ்ந்தார். எழுத்துகளை விட்டுவிட்டு 22 தொகுதிகளைத் தாமே வகுத்துக்கொண்டார். அத்தோடு நில்லாமல் கோடுகளின் அகலத்தையும் கவனித்தார். ஒரே தொகுதியைச் சேர்ந்த, ஒரே கோடுகளைக் கொண்ட இரு விண்மீன்களில் ஒன்றின் கோடுகள் சற்றே பரந்தும் மற்றதன் கோடுகள் கத்தியால் கீறியதுபோல் கூர்மையாகவும் இருப்பதைக் கண்டு, முதல்வகைக்கு 'ஏ' என்றும், மங்கிப் பரந்தவற்றுக்கு 'பி' என்றும், கூர்மையானவற்றுக்கு 'சி' என்றும் சிற்றெழுத்துகளில் துணைக்குறி இட்டார். 681 விண்மீன்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1897-இல் நூலின் முகப்பில் அவர் பெயர் தாங்கி வெளிவந்தது. அந்தப் பெயருக்காக அவர் போராடவேண்டியிருந்தது. சிறிய 'சி'-யை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

மற்றவர் ஆனி ஜம்ப் கேனன். 1863-இல் டெலவேரில் பிறந்தவர். வெல்லெஸ்லி கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். 1896-இல் ஹார்வர்டில் சேர்ந்து தென்வானத்தின் விண்மீன்களை எடுத்துக்கொண்டார். கேனனுக்குக் கோட்பாடுகளில் நாட்டமில்லை. அவருக்கு இருந்தது ஒரு கண். ஒரு முகத்தைப் பார்த்ததும் இன்னார் மகன் என்று சொல்லிவிடும் முதியவர்களின் கண்ணைப் போன்றது அது.

அந்தக் கண்ணுக்கு ஒன்று புலப்பட்டது. ஹைட்ரஜன் கோட்டை மட்டும் பார்க்காமல் எல்லாக் கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால், விண்மீன்கள் தனித்தனிக் கூட்டங்களாக நிற்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாக நழுவிச் செல்கின்றன. கே வகையின் உலோகக் கோடுகள் ஜி-யில் குறைகின்றன. எஃபில் இன்னும் குறைந்து ஏ-யில் நூலிழையாகின்றன. ஏ-க்கு அப்பால் அவை மறைய, ஹீலியத்தின் கோடுகள் தோன்றுகின்றன. ஹீலியம் உள்ள வகை பி. எனவே பி-யின் இடம் ஏ-க்குப் பின்னால் அன்று, முன்னால். மௌரியும் முன்பே இவ்வாறுதான் அடுக்கியிருந்தார். பி-யில் காணும் ஹீலியக் கோடுகளின் சாயல் தொடர்வது ஓ வகையில். ஆகவே ஓ அதற்கும் முன்னால் சென்றது. மற்ற எழுத்துகளில் சில வேறொன்றின் மறுபதிப்பு என்று தெரிந்தது. சில தட்டின் தெளிவின்மையால் தோன்றிய வேற்றுமைகள். அவற்றை நீக்கினார். 1901-இல் 1,122 தென்வான விண்மீன்களின் பட்டியலோடு ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசை வெளியானது. இரு வகைகளுக்கு இடைப்பட்டவற்றுக்குப் பத்தின் பகுப்புகளையும் சேர்த்தார். இன்று கதிரவனை ஜி2 என்கிறோம். ஜி-யிலிருந்து கே-யை நோக்கிப் பத்தில் இரண்டு பங்கு தூரம் என்பதே அதன் பொருள்.

எழுத்துகளைப் புதிதாக மாற்றி, ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். பத்தாயிரம் விண்மீன்கள் ஏற்கெனவே பழைய எழுத்துகளோடு அச்சேறிவிட்டன என்பதே எளிய விடை. நூலகத்தில் பத்தாயிரம் நூல்களுக்கு எண் ஒட்டிய பிறகு முறையை மாற்ற விரும்பும் நூலகர் எவரும் இதைப் புரிந்துகொள்வார்.

1911 முதல் 1915 வரை கேனன் செய்த வேலை நம்பற்கரியது. சாய்ந்த சட்டத்தில் பொருத்திய கண்ணாடித் தட்டின் பின்னாலிருந்து ஒளி வர, உருப்பெருக்கியால் ஒவ்வொரு பட்டையாகப் பார்த்து அவர் வகையைச் சொல்லுவார். அருகிலிருக்கும் உதவியாளர் குறித்துக்கொள்வார். கைபழகிய நாட்களில் நிமிடத்துக்கு மூன்று விண்மீன்கள். 2,25,300 விண்மீன்கள் இவ்வாறு பெயர்பெற்று, 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக ஹென்றி டிரேப்பர் பட்டியல் என்ற பெயரில் வெளிவந்தன. 1922-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் அவருடைய முறையை ஏற்றது. ஹார்வர்டு அவருக்கு முறையான பதவி வழங்கியது 1938-இல். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தை நெருங்கியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று எஞ்சி நின்றது. வரிசை சரி, அது எதனுடைய வரிசை? விண்மீன்களின் நிறமும் வரிசைக்கேற்ப நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறுவதால் வெப்பத்தோடு ஏதோ உறவு உண்டென்று பலரும் ஊகித்தனர். விண்மீன்கள் நீலமாகப் பிறந்து ஆறி ஆறிச் சிவக்கின்றன என்றும் கருதினர். அதனால் நீலப்பக்கத்தை 'முந்திய' வகை என்றும் சிவப்புப்பக்கத்தைப் 'பிந்திய' வகை என்றும் அழைத்தனர். அந்தக் கருத்து பொய்த்துப்போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வானியலாளர் இன்றும் அச்சொற்களைக் கைவிடவில்லை. ஆனால் வெப்பம் மட்டுமே காரணமா, அல்லது ஏ விண்மீனில் ஹைட்ரஜனும் கே விண்மீனில் இரும்பும் கால்சியமும் உண்மையிலேயே மிகுந்துள்ளனவா என்ற கேள்விக்கு எவரிடமும் கணக்கோடு கூடிய விடை இல்லை.

*

அந்த விடை எழுதப்பட்டது கல்கத்தாவில். மேகநாத் சாகா 1893-இல் டாக்காவை அடுத்த ஒரு கிராமத்தில் சிறு மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர். சோதனை செய்து பார்க்கத் தக்க கருவிகள் அங்கே இல்லை. நூல்களும் இதழ்களும் இருந்தன. ஆக்னஸ் கிளெர்க் எழுதிய வானியல் நூல்களைப் படித்து, விண்மீன் நிறமாலைகளின் புதிர்களை அவர் அறிந்திருந்தார். ஜெர்மானியரான எகர்ட், விண்மீன்களுக்குள் அணுக்கள் எலக்ட்ரான்களை இழப்பதை வேதிவினைபோலக் கருதி 1919-இல் எழுதிய கட்டுரை அவர் கைக்கு வந்தது. ஓர் அணு எலக்ட்ரானை இழக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை எகர்ட் ஊகித்துக்கொண்டிருந்தார். அது ஆய்வகத்தில் அளக்கக்கூடிய எண் அல்லவா என்பதே சாகாவின் கேள்வி. அளந்த எண்ணை அங்கே இட்டதும் சமன்பாடு பேசத் தொடங்கியது. 1920-இல் வெளியான கட்டுரை கதிரவனைப் பற்றியது. 1921-இல் இலண்டனிலிருந்து வெளியிட்டது கேனனின் வரிசை முழுவதையும் பற்றியது.

சாகா கண்டதை வெறும் சொற்களால் சொல்ல இயலும். அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. வெப்பம் கூடக்கூட மோதலின் வேகம் கூடும். ஒரு கட்டத்தில் அணு தன் எலக்ட்ரானை இழந்து அயனியாகும். இழந்த அயனி, வழியில் வேறோர் எலக்ட்ரானைச் சந்தித்தால் மீண்டும் முழு அணுவாகும். வாயு நெருக்கமாக இருந்தால் சந்திப்பு எளிது. ஐதாக இருந்தால் அரிது. ஆகவே எத்தனை பங்கு அணுக்கள் அயனியாக இருக்கும் என்பதை வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முழு அணுவின் கோடுகள் வேறு, அதன் அயனியின் கோடுகள் வேறு. எனவே ஒரு தனிமத்தின் கோடு மறைவது அத்தனிமம் இல்லாததால் அன்று. அது வேடம் மாறிவிட்டதால்.

இதை ஹைட்ரஜனைக் கொண்டே பார்த்துவிடுவோம். ஃபிளெமிங் அளவுகோலாகக் கொண்ட அதே கோடுகள்தாம். அவற்றைத் தோற்றுவிக்க ஹைட்ரஜன் அணு இயல்பான கீழ்ப்படியில் இருந்தால் போதாது. அதன் எலக்ட்ரான் மோதலால் கிளர்ந்து இரண்டாம் படியில் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கும் அணுவே நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விழுங்கும். இரண்டாம் படி மிக உயரமானது. எம் வகையின் 3,500 கெல்வின் வெப்பத்தில் அதை எட்டும் அணு ஏறத்தாழ நூறு இலட்சம் கோடியில் ஒன்று. கதிரவனின் 5,800 கெல்வினில் சுமார் 20 கோடியில் ஒன்று. ஏ வகையின் மேல்விளிம்பான 10,000 கெல்வினில், இன்னும் எலக்ட்ரானை இழக்காத அணுக்களில் சுமார் 35,000-க்கு ஒன்று. அதற்கும் மேலே போனால் விழுக்காடு இன்னும் உயரவேண்டும், உயரவும் செய்கிறது. ஆனால் அதே வெப்பத்தில் ஹைட்ரஜன் தன் ஒரே எலக்ட்ரானையும் பறிகொடுக்கத் தொடங்குகிறது. எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் எந்தக் கோட்டையும் வரையாது. ஆகவே கோட்டின் கருமை 10,000 கெல்வினை ஒட்டி உச்சத்தை அடைந்து இருபுறமும் சரிகிறது. ஏ நடுவில் நிற்பதும், பி-யும் எஃபும் அதன் இருபக்கமும் ஒரே அளவு மெலிந்த ஹைட்ரஜனோடு காணப்படுவதும் இதனால்தான். ஒரு மலையின் உயரத்தை மட்டும் கேட்டால், ஏறும்போது நிற்கிறோமா இறங்கும்போது நிற்கிறோமா என்று தெரியாது. ஃபிளெமிங்கின் எழுத்துகள் உயரத்தைக் குறித்தன. கேனன் மற்றக் கோடுகளைப் பார்த்து எந்தச் சரிவு என்பதைக் கண்டுகொண்டார்.

கதிரவனில் கணக்கை இன்னும் ஒருபடி தொடரலாம். கதிரவன் நிறமாலையின் மிக அழுத்தமான கோடுகள் கால்சிய அயனிக்குரியவை; ஹைட்ரஜனின் கோடுகள் அவற்றோடு ஒப்பிட எளியவை. பார்த்தவுடன் கால்சியமே மிகுதி என்று தோன்றும். ஆனால் கால்சியம் தன் முதல் எலக்ட்ரானை எளிதில் இழப்பது. கதிரவனின் வெப்பத்தில் ஏறத்தாழ எல்லாக் கால்சியமும் அயனியாகவே இருக்கிறது. அந்த அயனி கீழ்ப்படியில் இருந்தவாறே கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விழுங்கவும் வல்லது. ஹைட்ரஜனோ 20 கோடியில் ஒன்றே ஆயத்தமாக நிற்கிறது. இன்று நாம் அறிந்தபடி, கதிரவனில் ஒரு கால்சிய அணுவுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. 20 கோடி ஹைட்ரஜனோடு கலந்திருப்பது 400 கால்சியம். அந்த 400-உம் வேலை செய்ய, 20 கோடியில் வேலை செய்வது ஒன்று. இலட்சக்கணக்கான மடங்கு சிறுபான்மையான கால்சியம், கோட்டளவில் வென்றுவிடுகிறது.

ஆனால் இந்த 'ஐந்து இலட்சம்' என்ற எண் சாகாவின் காலத்தில் எவருக்கும் தெரியாது. அதை நோக்கி முதலில் நடந்தவர் சிசிலியா பெய்ன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பயின்று, அங்கே பெண்ணுக்கு ஆய்வுத்துறையில் எதிர்காலம் இல்லையென்று கண்டு 1923-இல் ஹார்வர்டுக்கு வந்தவர். கேனன் வகைப்படுத்திய தட்டுகள் அங்கே அலமாரிகளில் இருந்தன. சாகாவின் சமன்பாடு அவருடைய மனத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தவர் அவர். கோட்டின் கருமையிலிருந்து வெப்பத்தின் பங்கைக் கழித்தால் எஞ்சுவது தனிமத்தின் உண்மையான அளவு. கழித்துப் பார்த்தபோது, நீல விண்மீனும் சிவப்பு விண்மீனும் ஏறத்தாழ ஒரே கலவையால் ஆனவை என்று தெரிந்தது. சிலிக்கன், இரும்பு முதலியவற்றின் விகிதம் பூமியில் உள்ளதைப் போலவே இருந்தது. ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும் விதிவிலக்கு. ஹைட்ரஜன், உலோகங்களைவிடப் பத்து இலட்சம் மடங்கு என்ற அளவில் வந்து நின்றது.

ஆய்வேட்டின் கைப்படியைப் பார்வையிட்ட பிரின்ஸ்டன் பேரறிஞர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், இது நடக்கக்கூடியதே அல்ல என்று எழுதினார். பூமியைப் போன்ற கலவையே விண்மீன்களுக்கும் என்பது அன்றைய உறுதியான நம்பிக்கை. 1925-இல் வெளியான நூலில் பெய்ன், தாம் கண்ட அந்த எண்ணை அச்சிட்டு, அது பெரும்பாலும் உண்மையாக இராது என்று தாமே ஒரு வரியும் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நான்கு ஆண்டுகள் கழித்து 1929-இல், ரஸ்ஸல் வேறொரு வழியில் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்து, பெய்னின் பணியையும் அதில் குறிப்பிட்டார். எண்ணை அழிக்காமல் அச்சில் விட்டுவைத்ததே பெய்னின் துணிவு என்று நாம் கருதுகிறோம்.

*

இனி மௌரியின் சிறிய 'சி'. கேனனின் எழுத்து ஒரு விண்மீனின் வெப்பத்தைச் சொல்லும். அதன் பருமனைச் சொல்லாது. இது சிறிய குறையன்று. திருவாதிரையும் பார்னார்டு விண்மீனும் எம் வகையைச் சேர்ந்தவை. வெப்பத்திலும் வேறுபாடு பெரிதில்லை. திருவாதிரை பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்தும் வெறுங்கண்ணுக்குச் செந்தணலாய்த் தெரிகிறது. பார்னார்டு விண்மீன் ஆறு ஒளியாண்டுத் தொலைவிலேயே இருந்தும் தொலைநோக்கியின்றித் தெரியாது. முன்னது பெரும்பூதம், பின்னது குள்ளன். விண்மீன்களில் மிகப் பெரும்பான்மை இத்தகைய சிவப்புக் குள்ளர்களே. அவர்களில் ஒருவரையேனும் நாம் இரவு வானில் இயல்பாகக் கண்டதில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பிரங் வேதிப் பொறியாளராகப் பயின்றவர். விண்மீன்கள் வானத்தில் எவ்வளவு இடம்பெயர்கின்றன என்பதைக் கொண்டு அவற்றின் தொலைவை மதிப்பிட்டு, 1905-இலும் 1907-இலும் ஓர் ஒளிப்பட அறிவியல் இதழில் எழுதினார். மௌரியின் 'சி' விண்மீன்கள் எல்லாமே ஏறத்தாழ அசையாமல் நின்றன. அசைவு தெரியாத அளவுக்குத் தொலைவிலுள்ளவை, இருந்தும் இவ்வளவு பொலிவு என்றால் அவை உண்மையில் பேரொளி கொண்டவையாக இருக்கவேண்டும். கூர்மையான கோடே பூதத்தின் அடையாளம். காரணம் பிற்பாடு தெளிவாயிற்று. பூதங்களின் மேற்பரப்பு வாயு மிக ஐதானது. அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக் கோட்டைக் கலைப்பதில்லை. குள்ளர்களில் நெருக்கம் அதிகம், கோடு பரந்துவிடுகிறது.

கேனனின் முறையில் இந்தக் குறி கைவிடப்பட்டிருந்தது. தட்டுகளின் தெளிவு அத்தகைய நுணுக்கத்தைத் தாங்காது என்பது பிக்கரிங்கின் எண்ணம். 1908-இல் ஹெர்ட்ஸ்பிரங் அவருக்குக் கடிதம் எழுதினார். திமிங்கலத்துக்கும் மீனுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டுபிடித்த பிறகும் இரண்டையும் ஒரே இனமாக அடுக்கும் விலங்கியலாளரின் செயலோடு அதை ஒப்பிட்டார். பிக்கரிங் அசையவில்லை. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்கலாகாது. நெல்மணி நீளப் பட்டைகளில் கோட்டின் அகலத்தை அளப்பது நம்பத்தக்க காரியமன்று. விண்மீன் வேகமாகச் சுழன்றாலும் கோடு பரந்துவிடும், இரு விண்மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தாலும் நிறமாலை ஏமாற்றும். மௌரியிடம் இருந்தவை மட்டும் நீண்ட பட்டைகள்.

விண்மீனின் எழுத்தோடு ஒளிர்வுக்கும் ஒரு குறி சேர்க்கும் முறையை, அமெரிக்காவின் யெர்க்கிஸ் ஆய்வகத்தில் மார்கன், கீனன், கெல்மன் மூவரும் 1943-இல் வெளியிட்டனர். ரோமானிய எண் ஒன்று பெரும்பூதத்துக்கு. ஐந்து, கதிரவனைப் போன்ற இயல்பான குள்ளனுக்கு. அதன்படி கதிரவனின் முழுப்பெயர் ஜி2 ஐந்து. எம்-க்குக் கீழே 1999 முதல் எல், டி, ஒய் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்துள்ளன. அவை பெரும்பாலும் விண்மீனாகும் அளவுக்கு எடை கூடாத பொருள்களுக்கு உரியவை. நெடுங்கணக்கில் மிச்சமிருந்த எழுத்துகளுள் அவை தேறின. அவற்றிலும் ஒழுங்கு இல்லை.

அதே 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க வானியல் கழகம் அந்தோணியா மௌரிக்குப் பரிசு ஒன்றை அளித்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. பரிசின் பெயர் ஆனி ஜம்ப் கேனன் பரிசு.